பின்பக்கமாகச் சுற்றிய ஃபேன்

அக்கா வீட்டு ஃபேன் தானாகச் சுற்றியதை நான் முதலில் பார்த்தது ஒரு மத்தியானத்தில். மாமாவின் கருமாதி முடிந்து வந்தவர்கள் எல்லாம் கலைந்துவிட்டிருந்தார்கள். மாமா என்றால் அக்காவின் புருஷன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. வெளியே வாடகைப் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் தலையைச் சாய்க்கலாம் என்று உள்ளறைக்குப் போனேன். மாமாவின் அறை அது. அவருடைய பெயின்ட் படிந்த சட்டை இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்கியது. யாரோ ஃபேன் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஃபேன் சுற்றவில்லை. 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு அப்படியே நின்றது.

அது பழைய சங்கதிதான். மாமா இருக்கும்போதே அந்த ஃபேன் முனகும், மெதுவாகச் சுற்றும், சில நாள் கிளம்பவே கிளம்பாது. மாமா நல்ல உயரம். கட்டில்மேல் ஏறி நின்று ஒரு விரலால் இறக்கையைத் தள்ளிவிடுவார். "போடா ராஜா" என்பார். அது சோம்பேறி மாதிரி கிளம்பும். "கண்டன்சர் மாத்தணும் மச்சான், அடுத்த தபா வரும்போது ஒண்ணு எடுத்துகினு வா" என்று என்னிடம் சொல்வார். நான் வரும்போதெல்லாம் அவர் வேலைக்குப் போயிருப்பார், அல்லது நான் பையில் வைக்க மறந்திருப்பேன். அது பெரிய விஷயமாக யாருக்கும் படவில்லை. தள்ளிவிடத்தான் அவர் இருந்தாரே.

நான் பாயில் படுத்து அந்த முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து அணைக்க உடம்பு வரவில்லை. சவுக்குத் தோப்புப் பக்கத்து ஜன்னலின் திரை லேசாக அசைந்தது. அப்போது ஒரு இறக்கை நகர்ந்தது. யாரோ விரலால் தொட்டதைப் போல. நின்றது. மறுபடி நகர்ந்தது. பிறகு மூன்று இறக்கைகளும் மெல்ல, ரொம்ப மெல்ல, சுற்ற ஆரம்பித்தன. வேகம் கொஞ்சம் ஏறியது. என் உடம்பில் ஒரு துளி காற்றுகூடப் படவில்லை. மேலே சுற்றுகிறது, கீழே புழுக்கம். உற்றுப் பார்த்தேன். அது பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்து மேலே போன முதல் ஆள். கேளம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். மோட்டார், லிஃப்ட் லைட், ஃபேன் எல்லாம் என் பொறுப்பு. அப்படிப்பட்டவன் அன்றைக்கு என்ன செய்தேன் என்றால், பாயைக்கூடச் சுருட்டாமல் வெளியே வந்து, பாத்திர வண்டிக்காரரோடு சேர்ந்து குண்டானைத் தூக்கிக்கொண்டு நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்குப் போகும் பஸ்ஸில் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நாளில் அக்கா போன் செய்தாள்.

"டேய், இங்க ஒரே பேஜாரா கீதுடா. அந்த ரூம்ல காத்து கீதுன்றாங்க."

எங்கள் பக்கம் காத்து என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று மூச்சு விடுகிற காற்று. இன்னொன்று ஆள் போன பிறகும் போகாமல் நிற்பது. அக்கா எதைச் சொல்கிறாள் என்று கேட்காமலே எனக்குப் புரிந்தது.

"யாருக்கா சொல்றது?"

"அத்ததான் பாத்துதாம். ஃபேன் தானா சுத்துதாம், அவரு தள்ளிவுடறாராம். எம் மூத்தாரு ஞாயித்துக்கெழம வந்து வூட்ட பூட்டப்போறாரு. வருசம் திரும்பற வரைக்கும் யாரும் இருக்கக் கூடாதாம். என்னியும் பாப்பாவையும் மதுராந்தகத்துக்கு அனுப்பி வுடறாங்களாம், நம்ம வூட்டுக்கு."

"நீ பாத்தியா?"

"நான் எங்கடா பாக்கறது? காத்தால போனா பொழுது சாய வரேன். எனுக்குத் தெரிஞ்சி அது சுத்தறதே இல்ல. நானும் பாப்பாவும் வெளி ரூம்லதான் படுத்துகினு கீறோம்."

அக்காவுக்கு மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் ரூம் சுத்தம் செய்கிற வேலை. வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்விடுவாள்; பாப்பாவை அத்தையிடம், அதாவது மாமியாரிடம், விட்டுவிடுவாள். மதுராந்தகத்துக்குப் போய்விட்டால் அந்த வேலை இல்லை. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான் ஊருக்குப் போனால் நான். காலை நீட்டிப் படுக்க இடம் இல்லை. மூத்தார், அதாவது மாமாவின் அண்ணன், பூட்டிய வீடு வருசம் திரும்பித் திறக்கும் என்பதும் பேச்சுக்குத்தான். ஒரு தடவை வீட்டை விட்டு இறங்கிவிட்டால் திரும்ப ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று அக்காவுக்குத் தெரியும். அவள் அழவில்லை. "நீ வந்து அத இன்னான்னு பாருடா" என்று மட்டும் சொன்னாள்.

நானும் பார்த்தேன் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க வேலையில் எனக்கு அதே நினைப்பு. ஒரு வீட்டில் ஃபேன் சுற்றவில்லை என்று கூப்பிட்டார்கள். ஸ்டூல் போட்டு ஏறினேன். சுவிட்ச் போட்டிருந்தது, முனகியது. வழக்கமாக நான் உடனே அணைத்துவிட்டுக் கழற்ற ஆரம்பித்துவிடுவேன். அன்றைக்கு என்னவோ, மாமா செய்கிற மாதிரி ஒரு விரலால் தள்ளிப் பார்த்தேன். அது கிளம்பியது. அணைத்து, நிற்கவிட்டு, மறுபடி போட்டு இந்தத் தடவை எதிர்ப்பக்கம் தள்ளினேன். எதிர்ப்பக்கமாகவும் சுற்றியது. வீட்டுக்கார அம்மா, "என்னப்பா விளையாடற?" என்றார். நான் ஸ்டூல்மேலேயே நின்றிருந்தேன்.

பாடத்தில் படித்ததுதான். ஃபேனுக்குள் இரண்டு சுருள் கம்பிகள். ஒன்று ஓடுவதற்கு, ஒன்று கிளப்பிவிடுவதற்கு. கிளப்பிவிடும் சுருளுக்கு முன்னால் கண்டன்சர் இருக்கிறது. எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று மோட்டாருக்குச் சொல்வது அந்தக் கண்டன்சர்தான். அது பலம் குறைந்தால் ஃபேன் முனகும், மெதுவாகச் சுற்றும். அடியோடு போய்விட்டால், மோட்டாருக்குப் பலம் இருக்கும், திசை தெரியாது. நின்ற இடத்தில் நின்று அதிரும். யார் எந்தப் பக்கம் தொட்டாலும் அந்தப் பக்கம் போகும்.

பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன் நான். அறைக்குள் கண்ணால் பார்த்தபோது அந்த வரி எனக்கு ஞாபகம் வரவில்லை. மாமாவின் விரல்தான் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். வீட்டு ஃபேனுக்குப் போடுகிற கண்டன்சர், இரண்டரை மைக்ரோஃபாரட் அளவு, ஒன்று புதிதாக வாங்கிப் பையில் வைத்திருந்தேன். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். வெளி ரூமில் தொட்டிலில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தகரக் கூரை வீட்டில்தான் அத்தை இருப்பாள். அங்கே ஆள் இல்லை. உள்ளறையிலிருந்து முனகல் கேட்டது.

கதவைத் தள்ளினேன். அத்தை கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஃபேன் பின்பக்கமாக மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் முகம் முழுக்க வேர்வை. துடைக்கவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். காரணம் தெரிந்துகொண்டு வந்திருந்தும் நான் கதவைத் தாண்டவில்லை.

"வாடா," என்றாள் திரும்பாமலே. "சத்தம் போடாத. இப்பதான் வந்தான்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். "அத்த, மோட்டாரு சூடாவும். இப்டியே முனகினு நின்னா உள்ள கம்பி எரிஞ்சிடும். ஒரு தபா அணைச்சிட்டு பாக்கட்டுமா?" என்றேன்.

"பாரு. நீ படிச்சவன். பாஸ்டரு பாத்துட்டு ஜெபம் பண்ணிட்டு போனாரு. பூசாரி பாத்துட்டு எலுமிச்சம்பழம் வச்சிட்டு போனாரு. நீ இன்னா வைக்கப்போற?"

"ஒண்ணியும் வைக்கல அத்த. பாக்கறேன்."

சுவிட்சை அணைத்தேன். ஃபேன் நின்றது. கட்டில்மேல் ஏறி மோட்டாரைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது. இறக்கையைக் கையால் சுற்றிவிட்டேன். தடை இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. பேரிங் பழுது இல்லை. ரெகுலேட்டரை முழுசாகத் திருகி வைத்துவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டேன். முனகல். இறக்கை அசையவில்லை.

"அத்த, இப்ப பாரு." ஜன்னலைச் சாத்தினேன்.

இரண்டு பேரும் காத்திருந்தோம். முனகல் மட்டும். ரொம்ப நேரம் எதுவும் நடக்கவில்லை. அத்தை என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைத் திறந்தேன். கடல்காற்று அந்த ஜன்னல் வழியாக மூலையிலிருந்து வருகிறது. ஃபேனின் ஒரு பக்கத்தில் மட்டும் படுகிறது. திரை உப்பியது. இறக்கை ஒன்று நடுங்கியது, தயங்கியது, பிறகு பின்பக்கமாகக் கிளம்பியது.

அத்தையின் வாய் திறந்தபடியே இருந்தது.

அணைத்தேன். அது நின்றதும் மறுபடி போட்டு, துடைப்பக் கட்டையால் இந்தப் பக்கம் தள்ளினேன். இந்தப் பக்கம் சுற்றியது. அணைத்துப் போட்டு அந்தப் பக்கம் தள்ளினேன். அந்தப் பக்கம் சுற்றியது. மறுபடி செய்யப் போனேன். "போதும்டா," என்றாள் அத்தை. "எனுக்குக் கண்ணு கீது."

நான் கட்டையை வைத்துவிட்டு அவளுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த கேள்வி ஒன்று இருந்தது.

"அத்த, சுவிட்ச் போட்டாத்தான இதெல்லாம் நடக்கும்? அக்கா இந்த ரூம்புக்கே வர்றதில்ல. சுவிட்ச யாரு போடறது?"

அவள் புடவைத் தலைப்பை மடித்துப் பிரித்து மடித்தாள்.

"நான்தான். சோத்த துன்னுட்டு, பாப்பாவைத் தூங்க வச்சிட்டு வந்து போடுவேன். ஒக்காந்துகினு இருப்பேன். சில நாளு வரமாட்டான். சில நாளு வருவான்."

"பயமா இல்லியா?"

"எம் புள்ளைக்கு நான் ஏன்டா பயப்படணும்?" என்றாள். "பெரியவன் கிட்ட சந்தோசத்துலதான் சொன்னேன், தம்பி வந்துகினு கீறான்டா, வந்து பாருடான்னு. அவன் பயந்துகினு பூட்டு வாங்கினு வரேன்றான். சரி, பூட்டட்டும்னு நானும் வுட்டுட்டேன். பூட்டிட்டா அவன் எங்கியும் போவாம உள்ளியே இருப்பான் இல்ல."

"அக்கா எங்க போவும் அத்த?"

அவள் தலைப்பை மறுபடி மடித்தாள். அக்கா போய்விடுவாள் என்பதை அவள் நினைக்காமல் இல்லை; நினைத்து, ஓரமாக வைத்திருந்தாள் என்று எனக்குத் தோன்றியது. நான் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவள் கணக்கில் ஒரு பக்கம் மருமகள், ஒரு பக்கம் மகன்.

மெயினை இறக்கினேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். மோட்டாருக்கு மேலே தண்டில் இருக்கிற கப்பின் திருகைத் தளர்த்தி மேலே ஏற்றினேன். உள்ளே தூசிக்கு நடுவில் அந்தக் கண்டன்சர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, ஒரு பக்கம் உப்பிப் போய் இருந்தது. வயர்கள் எப்படி இருக்கின்றன என்று செல்போனில் படம் எடுத்தேன். கரண்டு இல்லாவிட்டாலும் கண்டன்சர் கொஞ்சம் பிடித்துவைத்திருக்கும். பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் அதன் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டேன். பொறி எதுவும் இல்லை. செத்துப்போனதில் பிடித்துவைக்க எதுவும் இல்லை.

"இதுதானாடா?" அத்தை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பார்த்தாள். "இத்தினியூண்டா?"

"இதுதான் அத்த."

"இதத்தான் அவனும் மாத்தணும் மாத்தணும்னு சொல்லிகினு இருந்தானா?"

"ஆமா."

புதியதை அதே இரண்டு முனைகளில் மாட்டினேன். இதில் பிளஸ், மைனஸ் கிடையாது. அதன் இரண்டு வயரில் எது எங்கே போனாலும் ஒன்றுதான். மற்ற வயர்களைத் தொடவில்லை. திருகை இறுக்கி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, டேப் சுற்றி, உள்ளே மடக்கி, கப்பை இறக்கி முடுக்கினேன். மெயினை ஏற்றினேன். சுவிட்சைப் போடும் முன்னால் அத்தையைப் பார்த்தேன். அவள் ஃபேனைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள்.

போட்டேன். முனகல் இல்லை. யாரும் தொடவில்லை, திரையும் அசையவில்லை. ஃபேன் தானாகவே சரியான பக்கம் கிளம்பி வேகம் எடுத்தது. கதவுக்குப் பின்னால் மாமாவின் சட்டை படபடத்தது. அத்தையின் நெற்றி முடி பறந்தது. அறை முழுக்கக் காற்று. அந்த அறையில் நான் அவ்வளவு தனியாக அதற்கு முன் உணர்ந்ததில்லை.

அத்தை தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"டேய் தம்பி. நீதான் மாட்டத் தெரிஞ்சவனாச்சே. இத அந்தப் பக்கமே சுத்தறாப்புல வுட முடியுமா?"

முடியும். கண்டன்சரின் ஒரு முனையோடு சேர்ந்திருக்கிற கரண்டு வயரை எடுத்து மறுமுனையில் சேர்த்தால் போதும். புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் தவறிச் செய்து திட்டு வாங்குகிற வேலைதான் அது. முடியாது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவள் கண்ணைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்ல முடியவில்லை.

"முடியும் அத்த. ஒரு வயரு மாத்தணும். ஆனா கீழ காத்து வராது. மேலதான் போவும்."

"காத்து எனுக்கு எதுக்குடா?"

"அப்ப அது தெனமும் சுத்தும் அத்த. சுவிட்ச் போட்ட ஒடனே சுத்தும். ராத்திரி போட்டாலும் சுத்தும். ஜன்னல சாத்தினாலும் சுத்தும்."

அவள் அதை யோசித்தாள். உதடு மட்டும் அசைந்தது. சில நாள் வரமாட்டான், சில நாள் வருவான் என்று அவள் சொன்னது எனக்குக் காதில் இருந்தது. போட்டவுடன் வருகிறவனுக்காக யாரும் காத்திருக்க முடியாது. அவளுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். "வேணாம் வுடு," என்றாள்.

வெளி ரூமில் பாப்பா அழுதது. அத்தை போய்த் தூக்கி வந்தாள். ஃபேனுக்குக் கீழே நின்று தோளில் போட்டுத் தட்டினாள். வேர்வை காய்ந்து பாப்பா அடங்கியது.

மறுநாள் அக்காவின் மூத்தார் வந்தார். நல்ல மனுஷர்தான், தம்பி செத்த பிறகு அவர்தான் எல்லாவற்றுக்கும் நிற்கிறார். கையில் புதுப் பூட்டு, அட்டையிலிருந்து பிரிக்காமல். அக்கா துணிகளை மூட்டையும் கட்டவில்லை, கட்டாமலும் இல்லை. ஒரு பையை எடுத்து வெளியே வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு அவளுக்கு லீவு கிடையாது, கெஞ்சி வாங்கியிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் ஃபேனைப் பற்றி எல்லாம் அவளிடம் சொல்லிவிட்டேன். அத்தை சுவிட்ச் போட்டதை மட்டும் சொல்லவில்லை. அது அத்தை சொல்ல வேண்டியது.

"அண்ணாத்த, ஃபேன்ல கண்டன்சர் போயிருந்துச்சு. மாத்திட்டேன்," என்றேன்.

"இருக்கட்டும் மச்சான். நீ படிச்சவன், உனுக்கு மெசினு தெரியும். இது வேற. பெத்தவ கண்ணால பாத்துகினு கீறா. பூசாரியே கீதுன்னுட்டாரு. கொழந்தைய வச்சிகினு நாம ரிஸ்கு எடுக்க முடியுமா?"

"அதான் காத்தால இருந்து ஓடிகினு கீதே. நீங்களே பாருங்க," என்றாள் அக்கா.

"ஓடும்மா. யாரு இல்லன்னா?" அவர் அத்தையின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. அவன் கீறானா இல்லியா? கீறான்னா பூட்டறேன். இல்லன்னா இப்பவே போறேன்."

அத்தை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பாப்பா அவள் மடியில். எங்கள் மூன்று பேரின் கண்ணும் அவள்மேல். 'கீறான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நானே அங்கே இல்லாத மாதிரி ஆகிவிடும், நான் மாட்டிய கண்டன்சரும்.

"நான்தான்டா சுவிட்ச போட்டேன்," என்றாள். "தெனமும் நான்தான் போட்டுட்டு ஒக்காந்தேன். கடல்காத்து தள்ளிச்சு, அது சுத்திச்சு."

"அப்ப தம்பி?"

"அவன் வரலடா. ஒரு நாளும் வரல." குரல் உடையாமல், கடையில் சாமான் கேட்டு, இல்லை என்று திரும்பி வந்தவள் வீட்டில் சொல்கிற மாதிரி சொன்னாள். "அவன் செத்துட்டான். இவ இங்கியே இருக்கட்டும்."

பாப்பாவை அக்கா கையில் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போனாள். அக்கா பின்னாலேயே, "அத்த, சாப்டுட்டுப் போங்க, கொழம்பு வச்சிகீறேன்," என்றாள். அவள் திரும்பவில்லை. மூத்தார் பூட்டை அட்டையோடு சட்டைப்பையில் திணிக்கப் பார்த்தார், அது போகவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அக்கா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள், அதே வேலைக்குப் போகிறாள். இரவில் அவளும் பாப்பாவும் உள்ளறையில் படுக்கிறார்கள். அத்தை அந்த அறைக்குள் வருவதில்லை. பகலில் பாப்பாவைத் தன் தகரக் கூரைக்குக் கீழேதான் வைத்துக்கொள்கிறாள். அங்கே ஃபேன் இல்லை. வெயில் காலத்தில் குழந்தைக்கு வேர்க்குரு வந்துவிட்டது என்று அக்கா வருத்தப்பட்டதால், போன தடவை போனபோது நான் ஒரு ஃபேன் வாங்கி வந்து மாட்டித் தருகிறேன் என்றேன்.

அத்தை விசிறி மட்டையால் பாப்பாவுக்கு வீசிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"வேணாம்டா," என்றாள். "மாட்டினா நான் வேல வெட்டி பாக்காம அதியே பாத்துகினு ஒக்காந்துடுவேன்."